இரண்டு மாதம் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை: இரும்பு எங்கே போகிறது?

“எனக்கு 34 வயது, 55 கிலோ எடை. ரத்தசோகை என்று ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. மாத்திரை கொடுத்தார்கள். காலையில் டிபன் சாப்பிட்டு காபியோடு ஒன்று, ராத்திரி சாப்பாடு முடிந்து கால்சியம் மாத்திரையோடு சேர்த்து பாலில் ஒன்று என்று இரண்டு மாதமாக ஒருநாள்கூட விடாமல் போடுகிறேன். ஹீமோகுளோபின் 9.1-லிருந்து 9.5தான் ஆகியிருக்கிறது. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. வயிறு புரட்டுகிறது, மலச்சிக்கல், மலமும் கறுப்பாகப் போகிறது. மூன்று வேளையாகக் கூட்டலாமா? இல்லை, இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?”

கூட்ட வேண்டாம். குறைக்கத்தான் வேண்டியிருக்கும். மாத்திரையில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை, போடும் நேரமும் அதோடு குடிப்பதும்தான் சிக்கல். பதினெட்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். உங்களைப் போலவே ஒருநாள்கூட விடாமல் மாத்திரை போட்டுவிட்டு, அறிக்கையைப் பார்த்து மனம் நொந்து வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே உங்கள் கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அட்டையைப் பாருங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்றால் 200 மி.கி. இரும்பு என்று அர்த்தமில்லை. அது உப்பின் எடை. அதற்குள் இருக்கும் தனி இரும்பு 65 மி.கி. நீங்கள் 60 நாளில் 120 மாத்திரை போட்டிருக்கிறீர்கள், அதாவது 7,800 மி.கி. இரும்பு விழுங்கியிருக்கிறீர்கள். 55 கிலோ எடையுள்ள உங்கள் உடம்பில் ரத்தம் சுமார் மூன்றரை லிட்டர் இருக்கும். ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்துக்கு 0.4 கிராம் ஏறியது என்றால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 14 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக உருவாகியிருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு 3.4 மி.கி. இரும்பு போதும். ஆக, விழுங்கிய 7,800-ல் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கியது 50 மி.கி.கூட இல்லை. மாதவிடாயில் போனதை ஈடுகட்டவும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். மற்றதெல்லாம் குடலோடு போய்விட்டது. உங்கள் வயிறு படும் பாடு பெரும்பாலும் அந்த மிச்ச இரும்பால்தான்.

இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளும் இடம் மிகச் சின்னது. இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடலும் அதற்கு அடுத்த கொஞ்ச தூரமும்தான். மாத்திரை வயிற்று அமிலத்தில் கரைந்து, கரைந்த நிலையிலேயே அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். வழியில் எதனோடாவது ஒட்டிக்கொண்டால் உறிஞ்சப்படாது.

காபியும் டீயும் அப்படி ஒட்டிக்கொள்பவை. இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். பால் சேர்க்காத டீயை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒரு ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். தேன் நிறத்தில் இருந்த டீ கறுத்து மை மாதிரி ஆகிவிடும். மாதிரி என்ன, மையேதான். பேனா மையை நூற்றாண்டுக் கணக்காக இப்படித்தான் தயாரித்தார்கள், இரும்பு உப்பையும் துவர்ப்புச் சத்தையும் கலந்து. டீயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டதைத்தான் அந்தக் கறுப்பு காட்டுகிறது. அப்படிப் பிடிபட்ட இரும்பைக் குடல் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. (சோதித்த டம்ளரைக் கீழே கொட்டிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.)

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சுவிட்சர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில், இரும்புக் குறைபாடுள்ள பெண்களுக்கு ஒரே மாத்திரையை வெவ்வேறு விதமாகக் கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், காபியோடு போட்டபோது உறிஞ்சிய அளவு 54 சதவீதம் குறைந்தது. காலைச் சாப்பாட்டோடும் காபியோடும் போட்டபோது 66 சதவீதம் குறைந்தது. அந்தச் சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தும் அது காப்பாற்றவில்லை. நீங்கள் காலையில் செய்துகொண்டிருப்பது இதைத்தான். மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போயிற்று.

காபியைக் கொஞ்சம் தள்ளிக் குடித்தால் போதாதா என்பீர்கள். எவ்வளவு தள்ளி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உணவிலுள்ள இரும்பை வைத்து 1983-லேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி கெடுதல் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது, ஏனென்றால் சாப்பாடு அப்போதும் வயிற்றில்தான் இருந்தது. மாத்திரையைத் தண்ணீரோடு வெறும் வயிற்றில் போட்டால் அது சீக்கிரம் கீழே இறங்கிவிடும் என்பது உண்மை. இருந்தாலும் மாத்திரைக்குப் பிறகு டீ, காபிக்கு இரண்டு மணி நேரம் விடச் சொல்வேன். முடியவே முடியாது என்றால் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ராத்திரி மாத்திரைக்கு வேறு தடை. கால்சியம் இரும்போடு போட்டி போடும். பாலில் கால்சியம் இருக்கிறது, கூடவே கால்சியம் மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது. இவை இரண்டும் இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமாவது விலகியிருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவு மருந்துக்கும் இதே இடைவெளி வேண்டும். அமிலச் சுரப்பையே அடக்கும் ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்றவற்றைத் தினமும் போடுபவராக இருந்தால் இடைவெளி விட்டும் முழுப் பலன் கிடைக்காது, ஏனென்றால் அவற்றின் வேலை நாள் முழுக்க நீடிக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முழு தானியம், தவிடு, பருப்பு, கொட்டை வகைகள், முட்டை எல்லாமே தங்கள் பங்குக்கு இரும்பைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம், அவை நல்ல உணவு. மாத்திரையை அவற்றோடு சேர்த்துப் போடாமல் இருந்தாலே போதும். எதெது தடுக்கும் என்று பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, வெறும் வயிறு, வெறும் தண்ணீர் என்று நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

வைட்டமின் சி உதவும். ஆனால் பலர் நம்பும் அளவுக்கு இல்லை. மேலே சொன்ன ஆய்விலேயே 80 மி.கி. வைட்டமின் சி சேர்த்தபோது உறிஞ்சுதல் 30 சதவீதம் கூடியது. ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். 500 மி.கி. கொடுத்தபோது அதற்கு மேல் கூடவில்லை. இன்னொரு பக்கம், ரத்தசோகை உள்ளவர்களை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரிதான் ஏறியது. அதனால் ஒரு டம்ளர் பழச்சாறு கிடைத்தால் அதோடு போடுங்கள், கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

இப்போது, இரண்டை ஏன் ஒன்றாக்கச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். நம் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் கதவுக்கு அது காவலாளி மாதிரி. 60 மி.கி. அளவில் இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, கதவைச் சாத்த ஆரம்பிக்கும். அது தணிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். காலையில் ஒன்று போட்டுவிட்டு ராத்திரி இன்னொன்று போட்டால், இரண்டாவது பாதி சாத்திய கதவில் போய் முட்டுகிறது. உள்ளே போவது சொற்பம், குடலில் தங்கி வயிற்றைக் கெடுப்பதுதான் அதிகம். மூன்று வேளையாக்கினால் இது இன்னும் மோசமாகும். ஹெப்சிடின் இயல்பாகவே காலையில் குறைவாகவும் பகல் ஏற ஏற அதிகமாகவும் இருக்கும். காலை நேரம் சிறந்தது என்று சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் தினமும் ஒன்றா, ஒருநாள் விட்டு ஒருநாளா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், தினமும் போட்ட பெண்கள் ஒவ்வொரு மாத்திரையிலும் சுமார் 16 சதவீத இரும்பை எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் சுமார் 22 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரைக்கு மாத்திரை பார்த்தால் பின்னது லாபம். ஆனால் ஒரு மாதத்தில் மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்று பார்த்தால் தினமும் போடுவதுதான் முந்தும், மாத்திரைகளின் எண்ணிக்கை இரு மடங்கு ஆயிற்றே. உங்கள் 9.5-க்குத் தினமும் ஒன்று என்று தொடங்குவது நல்லது. வயிறு தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், மெதுவாக ஏறினாலும் ஏறும். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டே மாற்றுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் நீங்களாக எதையும் குறைக்கக் கூடாது.

நாளை காலையிலிருந்து இப்படிச் செய்து பாருங்கள். எழுந்ததும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு ஒரு மாத்திரை. நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ விழுங்குங்கள், உடனே போய்ப் படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். மெல்லவும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு, அதற்கும் ஒரு மணி நேரம் கழித்து காபி. கால்சியம் மாத்திரையையும் பாலையும் ராத்திரிக்கே விட்டுவிடுங்கள், இரும்பு அங்கே இல்லாததால் இனி தகராறு இல்லை.

தைராய்டு மாத்திரை போடுபவராக இருந்தால் ஒரு மாற்றம். அதையும் காலை வெறும் வயிற்றில்தான் போடச் சொல்வார்கள், ஆனால் இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் வேண்டும். காலையைத் தைராய்டு மாத்திரைக்குக் கொடுத்துவிட்டு, இரும்பை மாலையில் வயிறு காலியாக இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். உறிஞ்சுதல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இரும்போடு சேர்ந்தால் பலனிழக்கும். ஐந்தாறு நாள் அப்படியொரு மருந்து எழுதிக்கொடுத்தால், இரும்பு மாத்திரை போடுகிறேன் என்று சொல்லி இடைவெளியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்க விளைவுகளுக்கு வருகிறேன். கறுப்பு மலத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உறிஞ்சப்படாத இரும்புதான் அப்படிக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ வெளியே வருகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று. மலம் தார் மாதிரி பிசுபிசுவென்று, பளபளப்பாக, வழக்கத்துக்கு மாறான கடும் நாற்றத்தோடு போனால் அது இரும்பு அல்ல, இரைப்பையிலோ மேல்குடலிலோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். தலைச்சுற்றலும் படபடப்பும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றுப் புரட்டல் பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. இரண்டு ஒன்றானாலே பாதிக்கு மேல் அடங்கக்கூடும். அடங்காவிட்டால் பழம் மாதிரி ஏதாவது இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். கொஞ்சம் குறைவாக உறிஞ்சினாலும், வயிறு ஒத்துக்கொள்ளாமல் மாத்திரையையே நிறுத்துவதைவிட அது மேல். அதுவும் சரிவரவில்லை என்றால், இரும்பு குறைவாக உள்ள வகைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். 300 மி.கி. ஃபெரஸ் குளுகோனேட் மாத்திரையில் தனி இரும்பு 35 மி.கி.தான். வயிற்றில் கரையாமல் குடலில் போய் மெல்லக் கரையும்படி பூச்சுப் பூசிய மாத்திரைகள் உண்டு. அவை வயிற்றுக்கு இதமாக இருப்பதற்குக் காரணம், இரும்பு உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டிப் போய்க் கரைவதுதான். அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நார்ச்சத்து, நடை என்று வழக்கமாகச் சொல்வதைச் செய்யுங்கள், தேவைப்பட்டால் மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிலருக்கு இதற்கு நேர்மாறாக வயிற்றுப்போக்கு வரும், அதற்கும் அளவைக் குறைப்பதே முதல் வழி. சிரப்பாகக் குடிப்பவர்களுக்குப் பல்லில் கறை படியும். தண்ணீரில் கலந்து உறிஞ்சுகுழலில் குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்தால் அவ்வளவாகப் படியாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த அட்டையைப் பூட்டி வையுங்கள். பூச்சுப் பூசிய மாத்திரை மிட்டாய் மாதிரி தெரியும், நமக்கு மருந்தான அளவு குழந்தைக்கு விஷம். எடுத்துத் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரம் வாந்தியெடுத்த குழந்தை பிறகு தேறிவிட்ட மாதிரி தெரியும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருப்பது அப்போது வெளியே தெரியாது.

சரியாகப் போடத் தொடங்கியபின் என்ன எதிர்பார்க்கலாம்? திரும்பவும் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 9.5-லிருந்து 12.5-க்குப் போக மொத்தம் 350 மி.கி. இரும்பு தேவை. தினமும் ஒரு மாத்திரையிலிருந்து 8 மி.கி. உள்ளே போனாலும் நான்கு வாரத்தில் 224 மி.கி. ஆகிறது. அது ஹீமோகுளோபினை ஏறக்குறைய 2 கூட்டும். மாதவிடாய் இழப்பைக் கழித்தால் கொஞ்சம் குறையும். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று சொல்ல மருத்துவர்கள் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே ஏற்றத்தைத்தான். அதனால் இன்றையிலிருந்து நான்காவது வாரம் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். 11-ஐத் தொட்டிருந்தால் இதே வழியில் தொடரலாம்.

ஒழுங்காகப் போட்டும் 10-ஐத் தாண்டவில்லை என்றால் மாத்திரையோடு மல்லுக்கட்டாதீர்கள். காரணம் வேறெங்கோ இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது ரத்த இழப்பு. மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், பலர் அதை வழக்கமானது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அடுத்து, குடல் இரும்பை வாங்காத நிலைகள்: கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், இரைப்பையில் ஹெலிகோபேக்டர் கிருமி. இவற்றுக்குப் பரிசோதனை இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. குடல் வாங்காவிட்டால் இரும்பை நரம்பு வழியாக ஏற்றவும் வழி உண்டு. ஒரு ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைபாடு வந்தால், மாத்திரை தொடங்கும்போதே குடலில் எங்காவது ரத்தக் கசிவு இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

உங்கள் ஃபெரிட்டின் 7 என்பதால் இது இரும்புக் குறைபாடுதான், சந்தேகமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரை தொடங்க வேண்டாம். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவின் மரபணுவை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைந்து, சிவப்பணுக்கள் சிறுத்துத் தெரியும். கையிருப்பில் இரும்பு சரியாக இருந்தால் அவர்களுக்கு இந்த மாத்திரை உதவாது, தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரத்தான் செய்யும்.

12-ஐத் தாண்டியதும் உடம்பு தெம்பாகிவிடும், பலர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஃபெரிட்டின் காட்டும் கையிருப்பு அப்போதும் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் வரும் இரும்பையெல்லாம் முதலில் ரத்தம்தான் எடுத்துக்கொள்கிறது. கையிருப்பை நிரப்ப இன்னும் ஒரு 500 மி.கி. வேண்டும். உடம்பு தேறத் தேறக் குடல் முன்பு போல ஆவலாக எடுத்துக்கொள்ளாது, அதனால் ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். அதன் முடிவில் ஃபெரிட்டினைப் பாருங்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும் வாரத்தில் பார்க்காதீர்கள், அப்போது அது பொய்யாக ஏறிக் காட்டும். நடுவில் ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், ஒன்றே போடுங்கள்.